கொக்கி மாட்டாத பெடல்

டிராக்டர் சாய்ந்த அன்று இரவு தவுக்கே ஜார்ஜ்டவுனிலிருந்து போன் செய்தார். "அண்ணே, ரிப்போட்டு நீங்க எழுதுங்க. பிரேக் பிடிக்கல, வண்டி தெர்பாலிக். அவ்வளவு போதும், நீளமா வேணாம்" என்றார். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் யோசித்தேன். யோசித்ததுமே முதல் சிக்கல் வந்துவிட்டது.

மலாயில் தெர்பாலிக் என்றால் சாய்ந்தாலும் அதுதான், உருண்டாலும் அதுதான். நமக்கு அப்படி இல்லை. வண்டி ஒருக்களித்துச் சாயும், குடைசாயும், தலைகுப்புறக் கவிழும், உருண்டு புரண்டு போகும். ஒவ்வொன்றிலும் மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு நடப்பது வேறு. எங்கள் டிராக்டர் கால் வட்டம் திரும்பி, இடது பக்கமாகப் படுத்து, அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கால் வட்டத்தில் நின்றதால்தான் ஓட்டிய பையன் இன்று உயிரோடு இருக்கிறான். தெர்பாலிக் என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தால் இது காகிதத்தில் வந்திருக்காது.

2014 அக்டோபர். பினாங்குப் பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜம் பக்கத்து மலையடிவாரத்தில் ஒரு சிறிய செம்பனைத் தோட்டம். அதற்கு முன் அது பால்மரக் காடு. நான் அங்கே டிராக்டர் ஓட்டி, பிறகு மண்டோர் வேலையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்ப்பகுதி சமம், மேல்பகுதி சரிவு. குலைகளை மேலிருந்து இறக்கி, கீழே லாரி வரும் பிளாட்பாரத்தில் கொட்ட வேண்டும். டிராக்டர் 60 குதிரைத்திறன். பின்னால் ஒற்றை அச்சு, இரண்டு சக்கர டிரெய்லர்.

முதல் நாள் இரவு நல்ல மழை. பினாங்கில் அக்டோபர் அப்படித்தான். இறங்கும் பாதையில் பட்டுப்போன மரம் ஒன்று குறுக்கே விழுந்திருந்தது. பையன் அதை அறுக்க ஆள் கூப்பிடாமல், பாதையை விட்டு மரவரிசைக்குள் திரும்பிச் சரிவுக்குக் குறுக்காக இறங்கினான். நான் கீழே குலை எண்ணிக்கொண்டிருந்தேன். முதலில் கேட்டது எஞ்சின் சத்தம். இறங்கும் வண்டியின் சத்தம் அடிவயிற்றிலிருந்து வருவது போல இருக்கும். அது திடீரென்று கீச்சென்று ஏறியது. அப்புறம் குலைகள் உருளும் சத்தம்.

ஓடிப்போனபோது டிராக்டர் இடப்பக்கமாகக் கிடந்தது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பையன் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். முதலில் எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தேன். பிறகு இரண்டு பேர் அவனைத் தாங்கிக்கொள்ள, மூன்றாவதாக ஒருவர் பெல்ட்டைக் கழற்றினார். தாங்காமல் கழற்றினால் அவன் தலைகீழாக விழுவான். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. சாயும்போது தரையை நோக்கிக் கையை நீட்டியிருக்கிறான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நீட்டுவோம், டிராக்டரைக் கையால் தாங்கிவிடலாம் என்பது போல.

அவனைப் பிக்கப்பில் ஏற்றி அனுப்பியதும் மற்றவர்கள் சங்கிலி எடுத்துவரக் கிளம்பினார்கள். வண்டி கீழே கிடப்பதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. உடனே நிமிர்த்த வேண்டும் என்று கை துடிக்கும். நான் தடுத்தேன். பேட்டரி வயரைக் கழற்றினோம். டீசல் மூடியிலிருந்து ஒழுகியதற்கு ஒரு வாளி வைத்தோம். யாரும் சிகரெட் பற்றவைக்கவில்லை. அதற்குமேல் வண்டியில் எதையும் தொடக் கூடாது என்றேன். கியர் லீவரைக்கூட.

ஏன் தடுத்தேன் என்றால், பல வருஷத்துக்கு முன் வேறொரு தோட்டத்தில் ஒரு டிராக்டர் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து நிமிஷத்தில் நிமிர்த்திவிட்டார்கள். இழுத்த சங்கிலியும், ஏறிய இன்னொரு டிராக்டரும், இருபது பேரின் காலும் சேர்ந்து மண்ணில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு ஆறு மாதம், ஓட்டினவன் ஒன்று சொல்ல, மேனேஜர் ஒன்று சொல்ல, இரண்டுக்கும் சாட்சி இல்லை. சாய்ந்த வண்டி எப்படிச் சாய்ந்தது என்று சொல்லும் ஒரே ஆள் மண்தான். மழை வந்தால் அதுவும் வாயை மூடிவிடும். எனக்கு அன்று மதியம்வரை வெயில் இருந்தது.

டிரெய்லரிலிருந்து ஒரு பலகை எடுத்தேன், சரியாக 2 மீட்டர். மேலே பாதி தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலைப் படுக்கவைத்தேன். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் ஊன்றி, மறுமுனையைப் பாட்டிலின் தண்ணீர் சமமாகும்வரை தூக்கிப் பிடித்தோம். தூக்கிய முனைக்கும் தரைக்கும் நடுவில் 50 சென்டிமீட்டர். 200க்கு 50 என்றால் நான்கில் ஒன்று. பாகையில் சொன்னால் 14. கண்ணுக்கு அது பெரிய சரிவாகவே தெரியாது, நிமிர்ந்தபடியே நடந்து ஏறிவிடலாம். பினாங்கில் மலைநிலம் என்று வீடு கட்ட விடாமல் நிறுத்துவது 76 மீட்டர் உயரத்துக்கு மேலோ, 25 பாகைச் சரிவுக்கு மேலோதான். டிராக்டர் அந்த 25 வரைக்கும் காத்திருக்காது.

பிறகு தடங்களைப் பார்த்தேன். இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

டிராக்டரின் பின்டயரில் தடித்த பற்கள் இருக்கும். சக்கரம் உருண்டு போனால் ஒவ்வொரு பல்லும் மண்ணில் அச்சுக் குத்தினது போலத் தெளிவாகப் பதியும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் பல் தெரியாது. கரண்டியால் மாவு இழுத்தது போல வழவழவென்று ஒரு பட்டை விழும். பாதையை விட்டுத் திரும்பிய இடத்திலிருந்து இரண்டு பின்சக்கரங்களும் பல் பல்லாகத்தான் பதிந்திருந்தன. ஓர் இடத்தில் மேல்பக்கச் சக்கரத்தின் தடம் மட்டும் வழவழப்பாக மாறுகிறது. கால் தப்படி வைத்து அளந்தேன், சுமார் 11 மீட்டர். அதே 11 மீட்டருக்கும் கீழ்ப்பக்கச் சக்கரம் பல் பிசகாமல் உருண்டு போயிருக்கிறது.

அதாவது பிரேக் பிடித்திருக்கிறது. ஒரு சக்கரத்துக்கு மட்டும்.

டிராக்டர் ஓட்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காரில் பிரேக் பெடல் ஒன்று. டிராக்டரில் இரண்டு, வலது காலுக்குப் பக்கத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, மற்றது வலது பின்சக்கரத்துக்கு. குறுகிய இடத்தில் திரும்ப வேண்டுமானால் ஒரு பெடலை மட்டும் மிதிப்போம். அந்தச் சக்கரம் நிற்க, வண்டி அதையே அச்சாக வைத்து வட்டமடிக்கும். வேலை முடிந்ததும் இரண்டு பெடலையும் சேர்க்கும் சின்னக் கொக்கியை மாட்ட வேண்டும். ரோட்டிலும் சரிவிலும் டிரெய்லரோடும் போகும்போது அந்தக் கொக்கி மாட்டியே இருக்க வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத இரும்பு.

படுத்துக்கிடந்த டிராக்டரில் நான் குனிந்து பார்த்தபோது கொக்கி கழன்று தொங்கியது.

முதல் நாள் சாயங்காலம் நாற்றுமேட்டில் பை நாற்றுகளுக்கு நடுவே மண் இறக்கியது நான்தான். அங்கே திரும்ப இடமே இல்லை. கொக்கியைக் கழற்றினேன். மழை பிடித்துக்கொண்டது. வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் ஓடினேன். திரும்ப மாட்டவில்லை. காலையில் ஏறினவன் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். நான்தான் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஏறும்போது டயர், எண்ணெய், தண்ணீர் பார்க்கச் சொல்லிக்கொடுத்த நான், கொக்கியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

கொக்கிக்குப் பக்கத்தில் பாராங்கை வைத்துப் போனில் படம் எடுத்தேன், அளவு தெரிய வேண்டும் என்பதற்காக. தடத்தையும் அப்படியே எடுத்தேன். கியர் லீவரையும் எடுத்தேன், மூன்றில் இருந்தது. அந்தச் சரிவில் ஒன்றிலோ இரண்டிலோ இறங்கியிருக்க வேண்டும். அது பையன் கணக்கு. எடுத்த படத்தை அழிக்க ஒரு விரல் போதும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

மாலையில் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். "பிரேக் மிதிச்சேன் மாமா, மூக்கு மேலே இழுத்துச்சு. டிரெய்லர் பின்னாலேருந்து முட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல" என்றான். தடம் சொன்னதையே அவனும் சொன்னான். கொக்கியைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நானும் அன்றைக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் நிமிர்த்தினோம். மேல்பக்கத்திலிருந்து எக்ஸ்கவேட்டர் கையால் பிடித்து மெதுவாக. நிமிர்ந்ததும் தவுக்கேயின் தம்பி சாவியைப் போடப் போனார், ஓடுகிறதா பார்க்கலாம் என்று. நல்ல வேளை, மெக்கானிக் கையைப் பிடித்தார். வண்டி ஒருக்களித்துக் கிடக்கும்போது எஞ்சின் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காற்றை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் அந்த எண்ணெயில் மோதி உள்ளே இருக்கும் தண்டு வளையும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, எண்ணெயை வெளியே தள்ளிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்படியே செய்தார். இரண்டு சிலிண்டரிலிருந்து கறுப்பாகத் தெறித்தது. சாவியைத் திருப்பியிருந்தால், சாய்ந்ததில் உடையாத எஞ்சினை நாங்களே உடைத்திருப்போம்.

இதற்குள் ஆளுக்கான காகிதங்கள் தனியே ஓடிக்கொண்டிருந்தன. ஆளுக்கான காகிதத்தையும் இயந்திரத்துக்கான காகிதத்தையும் பலர் குழப்புகிறார்கள். ஆளுக்குப் பெர்கேசோ, நாம் சொக்சோ என்போமே, அது. விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். நான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் வேலைப் பாதுகாப்பு இலாகாவுக்கும் சொல்லி, 7 நாளுக்குள் ஜேகேகேபி 6 என்ற பாரத்தை அனுப்ப வேண்டும். பெர்கேசோவில் யார் தப்பு என்று பார்த்துப் பணத்தைக் குறைப்பதில்லை. எம்சி நாட்களுக்குச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு. இது தெரிந்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. கொக்கியை எழுதினால் பையனின் பணம் போய்விடுமோ என்பதுதான் என் முதல் பயம். இரண்டாவது பயம் என் வேலை.

இயந்திரத்துக்கு இன்சூரன்ஸ். அதற்குத்தான் என் ரிப்போட்.

மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை தவுக்கே சொன்ன மாதிரி ஒரு வரி. இரண்டாம் தடவை பையன் வேகமாக வந்தான், சரிவில் திருப்பினான் என்று இரண்டு பக்கம். படித்துப் பார்த்தபோது அதில் நான் பார்த்தது ஒன்றுமே இல்லை. வேகத்தை நான் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டேன். கிழித்துப் போட்டேன். மூன்றாம் தடவை நான் கண்டதை மட்டும், கண்ட வரிசையில் எழுதினேன். எத்தனை மணிக்கு எங்கே நின்றேன், என்ன கேட்டேன், வண்டி எந்தப் பக்கம் கிடந்தது, பலகையில் எத்தனை சென்டிமீட்டர், எந்தச் சக்கரத்தின் தடம் எவ்வளவு தூரம் வழவழப்பு. ஏழாவது வரியில், முதல் நாள் கொக்கியைக் கழற்றியவன் நான், திரும்ப மாட்டவில்லை என்று எழுதினேன். கிராணி அதை மலாயில் மாற்றிக்கொடுத்தார். அந்த வரி வந்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "இது வேணுமா?" என்று கேட்டார். வேணும் என்றேன்.

பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறினேன். கார்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும் பழைய ஃபெர்ரி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இன்சூரன்ஸ் ஆபீஸ். சேதத்தை மதிப்பிட வந்தவர் ஒரு தமிழ் அம்மா. தவுக்கேயும் வந்திருந்தார். ரிப்போட்டை அவர் அங்கேதான் முதன்முதலாகப் படித்தார். ஏழாவது வரியில் அவர் முகம் மாறியது. "அண்ணே, பிரேக் பிடிக்கலன்னு எழுதச் சொன்னேனே" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்துத் தமிழில், "ஐயா, நீங்க பிரேக் கெட்டுப்போச்சுன்னு எழுதியிருந்தா நான் முதல்ல கேட்கறது, கடைசியா எப்ப பிரேக் பார்த்தீங்கங்கற புத்தகம். இருக்கா?" என்றார். இல்லை. தவுக்கேக்கு அதை அவரே மலாயில் விளக்கினார். தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் வாகனப் பாலிசிகள் பொதுவாக விலக்கியே வைத்திருக்கும். பிரேக் கெட்டது என்று நாமே எழுதிக்கொடுத்தால் அந்தக் கதவை நாமே திறந்துவிடுகிறோம். கொக்கி மாட்ட மறந்தது கவனக்குறைவு. தெரியாமல் நடக்கும் கவனக்குறைவுக்காகத்தானே இன்சூரன்ஸ் எடுக்கிறோம் என்றார். நான் உண்மையை எழுதியது கெட்டிக்காரத்தனத்தினால் இல்லை. இப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அவர் என் ரிப்போட்டை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. "14 பாகையில டிராக்டர் சும்மா சாயாது" என்றார். ஒரு காகிதத்தில் முக்கோணம் போட்டார். டிராக்டருக்கு நாலு சக்கரம் என்று நினைக்கிறோம், நிற்பது மூன்று புள்ளியில். முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடிக்கொண்டிருக்கிறது, மேடுபள்ளத்துக்கு ஏற்ப. ஆகவே இரண்டு பின்சக்கரம், முன்னால் அந்த முளை, இந்த முக்கோணத்துக்குள் எடை விழும்வரைதான் வண்டி நிற்கும். முன்சக்கரம் அகலமாக இருப்பதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். முப்பது வருஷமாக முன் அச்சு ஆடுவதைப் பார்த்த எனக்கு அந்த முக்கோணம் தோன்றவே இல்லை.

"கீழ்ச் சக்கரம் எங்கே நின்னுச்சு?" என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பால்மரக் காலத்துப் பழைய கான் ஒன்று புல்லில் மறைந்து கிடந்தது, 20 சென்டிமீட்டர் பள்ளம். இடது பின்சக்கரம் அதில் இறங்கியிருந்தது. சக்கரங்களுக்கு நடுவே 150 சென்டிமீட்டர் அகலம். 150க்கு 20 பள்ளம் என்றால் சுமார் 8 பாகை. சரிவின் 14ஓடு அதைக் கூட்டினால் 22. வண்டி நின்றிருந்தால் 22லும் தாங்கியிருக்கும். அது நிற்கவில்லை.

அவர் கோர்த்துச் சொன்னது இது. சரிவில் குறுக்காகப் போகும்போது மேல்சக்கரத்தில் எடை குறைவு, கீழ்ச்சக்கரத்தில் அதிகம். பையனின் கால் விழுந்தது வலது பெடலில், அது மேல்சக்கரத்துக்கானது. எடை இல்லாத சக்கரம் லேசாகப் பூட்டிக்கொண்டு வழுக்கியது. எடை தாங்கிய சக்கரத்துக்குப் பிரேக்கே இல்லை. மூக்கு மேட்டுப்பக்கம் இழுத்தது, பின்னால் டிரெய்லர் முட்டி வாலைக் கீழே தள்ளியது. வண்டி சரிவுக்கு நேர்குறுக்காகத் திரும்பிய நேரத்தில் கீழ்ச்சக்கரம் கானில் விழுந்தது. அதற்குமேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"டிரெய்லர்ல எவ்வளவு?" என்றார். சிதறிய குலைகளை மறுநாள் பொறுக்கி மில்லுக்கு அனுப்பிய எடைச்சீட்டை நீட்டினேன். 2,140 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 700. டிராக்டர் 2,300. பிரேக் இல்லாத டிரெய்லர் இழுக்கிற வண்டியைவிடக் கனமாக இருந்தால், இறக்கத்தில் யார் யாரை ஓட்டுகிறார்கள் என்று சொல்ல முடியாது. அந்த அம்மா தவுக்கேயைப் பார்த்தார். முன்பிருந்த சின்ன டிரெய்லருக்குப் பதிலாக அந்த வருஷம் அவர் வாங்கியது அது. தவுக்கே ஜன்னல் வழியாகப் பீச் ஸ்ட்ரீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அந்த அம்மா பாதுகாப்புக் கம்பியைப் பற்றிக் கேட்டார். சீட்டுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் இரும்புக் கம்பி, ரோல் பார். ஸ்வீடனில் 1959லிருந்தே புதிய டிராக்டரில் அது கட்டாயம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். எங்கள் வண்டியில் இருந்தது மடக்கக்கூடிய வகை. மட்டைகள் தாழ்ந்த இடத்தில் மடக்கிவிட்டுப் போவோம், திரும்ப நிமிர்த்தச் சோம்பல்படுவோம். அன்று மேல்பகுதியில் உயரமான பழைய மரங்கள், அதனால் நிமிர்ந்திருந்தது. சாய்ந்தபோது அது மண்ணில் ஒரு முழம் குத்தி வண்டியைக் கால் வட்டத்தில் நிறுத்தியது. பெல்ட் போட்டதனால் பையன் கம்பிக்கு உள்ளேயே இருந்தான். பெல்ட் இல்லையென்றால் வெளியே விழுவான், வண்டியைத் தடுக்கும் அதே கம்பி அவன் மேல் விழும். இடுப்பில் பெல்ட் பதிந்த காயம் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருந்தது. அந்த அம்மா அதன் அடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது தவுக்கே லிட்டில் இந்தியாவில் டீ வாங்கிக்கொடுத்தார். கொக்கியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பையனுக்கு அடுத்த வாரம் நானே சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் மூணுல போட்டிருந்தேன் மாமா" என்றான்.

மூன்று மாதம் கழித்து டிராக்டருக்குப் பணம் வந்தது, முதலாளி ஏற்க வேண்டிய பங்கைக் கழித்துக்கொண்டு. டிரெய்லருக்கு வரவில்லை. பாலிசியில் அதன் பெயரே இல்லை, புதிதாக வாங்கினபோது யாரும் சேர்க்கவில்லை. அச்சு முறுக்கிக்கொண்ட அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பழைய சின்ன டிரெய்லரை இழுத்துவந்து, டயர் மாற்றி, மறுபடியும் மாட்டினோம்.